என் பெயரில் வசூலான கூலி

அனுப்புநர்: கணக்குப் பிரிவு, ஜன்னலோர மேசை, ஏசி காற்று எட்டாத இடம்.

பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள், டிரான்ஸ்ஃபார்மர் தயாரிக்கும் நம் நிறுவனம், அம்பத்தூர் தொழிற்பேட்டை.

நாள்: 4.8.2025

பொருள்: சம்பளம் – ஊதிய உயர்வு என்ற பெயரில் நான்கு ஆண்டுகளாக நடந்துவரும் ஊதியக் குறைப்பு – நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஏப்ரல் 2025 இன்கிரிமெண்ட் கடிதம். 2. ஜூலை மாத ஊழியர் கூட்டத்தில் தாங்கள் ஆற்றிய உரை.

ஐயா,

பார்வை 1இல் கண்ட கடிதத்தின்படி எனக்கு மாதம் 1,200 ரூபாய் உயர்வு கிடைத்தது. "தங்கள் மகத்தான பங்களிப்பை அங்கீகரித்து" என்று அதில் எழுதியிருந்தது. மகத்தான பங்களிப்புக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய் என்ற விலையை எச்.ஆர். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது ஆராய்ச்சிக்குரியது. ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியதல்ல. பார்வை 2இல் கண்ட உரையைப் பற்றியது.

அந்த உரையில் தாங்கள், "பணவீக்கம் 2.1 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. நாங்கள் 3.75 சதவீதம் கொடுத்திருக்கிறோம். அதாவது பணவீக்கத்தைவிட அதிகம். இதை எந்தக் கம்பெனி செய்யும்?" என்று கேட்டீர்கள். முன்வரிசையில் இருந்த மேலாளர்கள் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த நாங்களும், அவர்கள் திரும்பிப் பார்த்ததால், தட்டினோம். தட்டிய பாவத்துக்குப் பரிகாரமாக இந்தக் கடிதம்.

தாங்கள் சொன்ன எண் பொய்யல்ல. 2025 ஜூனில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 2.10 சதவீதம்தான். 2019 ஜனவரிக்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைவாக அது இருந்ததில்லை. ஆனால் 2.10 சதவீதம் என்றால் என்ன? போன ஜூனில் இருந்த விலை இந்த ஜூனில் இன்னும் 2.10 சதவீதம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். போன ஜூன் விலை அதற்கு முந்தைய ஜூனைவிட ஏறியது. அது அதற்கும் முந்தையதைவிட ஏறியது. ஏறிய விலைவாசி மொத்தத்தில் இறங்கவில்லை. ஏறும் வேகம்தான் தணிந்திருக்கிறது. வீட்டுக்குள் இடுப்பளவு வெள்ளம் நிற்கும்போது மாடியில் நின்று, "இன்று இரண்டு அங்குலம்தான் ஏறியிருக்கிறது, கொண்டாடுங்கள்" என்கிறீர்கள். நாங்கள் கீழ்த்தளத்துக்காரர்கள், ஐயா. இன்றைய இரண்டு அங்குலம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. இடுப்புத்தான் தெரிகிறது.

ஆகவே ஓராண்டுக் கணக்கை விட்டுவிட்டு, நான்காண்டுக் கணக்கைப் பார்ப்போம். இதற்கு நான் எடுத்துக்கொள்வது லேபர் பீரோ மாதந்தோறும் வெளியிடும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண். 2016ஆம் ஆண்டு விலைவாசியை 100 என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவது. ஏன் குறிப்பாக இந்தக் குறியீட்டெண் என்று தாங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறேன். கடிதத்தின் நடுவில் சொல்கிறேன். அதுவரை நாற்காலியில் சாய்ந்தே இருங்கள்.

2021 ஏப்ரலில் என் மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அப்போது குறியீட்டெண் 120.1. 2025 ஏப்ரலில் அது 143.5. அன்று 30,000 ரூபாய்க்கு வாங்கியதையே இன்று வாங்க எவ்வளவு வேண்டும் என்பதற்கு எம்.பி.ஏ. தேவையில்லை. 30,000ஐ 143.5ஆல் பெருக்கி 120.1ஆல் வகுத்தால் போதும்: 35,845 ரூபாய். என் சம்பளம் இப்போது 33,200. குறைவது மாதம் 2,645.

இதையே திருப்பிப் போட்டால் இன்னும் அழகாக இருக்கும். இன்றைய 33,200 ரூபாய், 2021 ஏப்ரல் விலையில் 27,786 ரூபாய்க்குச் சமம். நான்கு இன்கிரிமெண்ட் காலங்களைக் கடந்து, மூன்று கடிதங்களில் "அங்கீகாரம்" பெற்று, ஒரு முறை சிறந்த ஊழியர் என்று பிளாஸ்டிக் கேடயமும் வாங்கிய பிறகு, என் சம்பளம் 2,214 ரூபாய் குறைந்திருக்கிறது. 2021இல் தாங்கள் என்னைக் கூப்பிட்டு, "உன் சம்பளத்தில் 2,214 ரூபாய் வெட்டுகிறேன்" என்று நேரடியாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். தாங்களும் கொஞ்சம் கூச்சப்பட்டிருப்பீர்கள். இப்போது வெட்டு விழுந்துவிட்டது, சண்டை இல்லை, கூச்சமில்லை, மேற்கொண்டு நான் நன்றிக் கடிதம் வேறு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆண்டு வாரியாகப் பார்த்தால்தான் தங்கள் கைவண்ணம் புரியும். 2022 ஏப்ரலில் குறியீட்டெண் 127.7. அன்று எனக்கு 31,898 ரூபாய் வந்திருக்க வேண்டும். "கொரோனாவுக்குப் பிந்தைய சூழல் நிச்சயமில்லாதது, நாம் எல்லோரும் ஒரு குடும்பம்" என்று சொல்லி உயர்வே தரவில்லை. குடும்பத்தில் மூத்தவர் அந்த ஆண்டு புது கார் வாங்கியதைத் தம்பிகள் வாசலில் நின்று பார்த்தோம். 2023இல் ஆயிரம் ரூபாய் கொடுத்தீர்கள். அதற்குள் பள்ளம் 2,522 ரூபாய் ஆகிவிட்டது. 2024இல் இன்னொரு ஆயிரம்; பள்ளம் 2,821. இந்த ஆண்டு 1,200.

இங்கே தங்களுக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். இந்த ஆண்டு தாங்கள் கொடுத்த 3.75 சதவீதம் உண்மையிலேயே விலை உயர்வைவிட அதிகம்தான். ஏப்ரலுக்கு ஏப்ரல் குறியீட்டெண் 139.4இலிருந்து 143.5 ஆகியிருக்கிறது, 2.94 சதவீதம். அதனால் 2,821 ரூபாய்ப் பள்ளம் 2,645 ஆகச் சுருங்கியது. 176 ரூபாய்க்கு மண் போட்டிருக்கிறீர்கள். ஆண்டுக்கு 176 என்ற இதே தாராளம் தொடர்ந்தால் 2021ஆம் ஆண்டுச் சம்பளத்தை நான் மீண்டும் எட்டிப் பிடிக்க இன்னும் 15 ஆண்டுகள் ஆகும். எனக்கு வயது 47. நம் நிறுவனத்தில் ஓய்வு 58இல். மிச்சம் நான்கு ஆண்டுக்குத் தாங்கள் என் வீட்டுக்கே ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.

இந்த வித்தை தங்களுடையது மட்டும் அல்ல, ஊரெல்லாம் நடப்பதுதான். விலை ஏறும் ஆண்டுகளில், "சூழல் சரியில்லை" என்று சும்மா இருப்பது. ஏறி முடிந்து வேகம் தணிந்த ஆண்டில், அந்த ஓராண்டு எண்ணை மட்டும் எடுத்து, "பார், அதைவிட அதிகம் கொடுத்தேன்" என்பது. பணவீக்கம் 7.44 சதவீதம் போன 2023 ஜூலையில் தாங்கள் அந்த எண்ணை உச்சரித்ததாக எனக்கு நினைவில்லை. அந்த மாதம் தக்காளி விலை கேட்டு மார்க்கெட்டில் மனிதர்கள் தெறித்து ஓடினார்கள். தொழிலாளர் குறியீட்டெண் ஒரே மாதத்தில் 136.4இலிருந்து 139.7க்குத் தாவியது. நம் கேன்டீனில் சாம்பார் தெளிந்த நீரோடையாக ஓடியது. கூட்டம் போடவில்லை, உரை இல்லை, கைதட்டலும் இல்லை.

"குறியீட்டெண் சராசரிதானே, எல்லாருக்கும் அப்படியா ஏறியது?" என்று நிதி மேலாளர் கேட்பார் என்று தெரியும். நியாயமான கேள்வி. எதிர்த்தரப்புக்குச் சாதகமானதையும் நானே சொல்லிவிடுகிறேன்: சென்னையில் சமையல் காஸ் சிலிண்டர் 2021 ஏப்ரலில் 825 ரூபாய், 2025 ஆகஸ்டில் 868.50. பெரிய ஏற்றமில்லை. ஆனால் இடையில், 2023 மார்ச்சில், அது 1,118.50க்குப் போய்விட்டுத்தான் வந்தது. அந்த மாதங்களில் நாங்கள் சமைக்காமல் இருக்கவில்லை. இன்னொரு பக்கம், ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால், அட்டை இல்லாதவர்களுக்கு, 2022 நவம்பரில் ஒரே நாளில் லிட்டர் 48இலிருந்து 60 ஆனது. குறியீட்டெண் வீட்டு வாடகைக்கு நூற்றில் ஏறத்தாழ 17 பங்குதான் கொடுக்கிறது; என் வீட்டு உரிமையாளர் நூற்றில் 30க்கு மேல் எடுத்துக்கொள்கிறார். அவர் லேபர் பீரோவின் அறிக்கைகளைப் படிப்பதில்லை. ஆக, என் உண்மையான செலவைப் போட்டால் கணக்கு தங்களுக்கு இன்னும் மோசமாகத்தான் வரும். குறியீட்டெண்ணோடு நிறுத்திக்கொள்வது நான் தரும் சலுகை.

விலைவாசியைத் தடுக்க முடியாமல் போனதற்குக் கடிதம் எழுதும் வழக்கம் இந்த நாட்டில் புதியதும் அல்ல. பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீதத்துக்கு மேல் போனால், ரிசர்வ் வங்கி தன் தோல்விக்கான காரணத்தை விளக்கி மத்திய அரசுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது சட்டம். 2022இல் அது நடந்தது. அந்த நவம்பரில் பணவியல் கொள்கைக் குழு தனியாகக் கூடி, கடிதமும் போனது. ஆனால் அதில் இருப்பதை வெளியிடவில்லை. பால் வாங்கியவர் நாம், காரணம் மட்டும் ரகசியம்! என் கடிதத்தில் அப்படி எதுவுமில்லை. தாங்கள் விரும்பினால் அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டலாம். அங்கே 2019 ஆயுத பூஜை புகைப்படம்தான் இன்னும் இருக்கிறது.

இனி, நான் ஒத்திவைத்த காரணத்துக்கு வருகிறேன். நாற்காலியில் நேராக உட்காருங்கள்.

இந்தத் தொழிலாளர் குறியீட்டெண்ணை நான் தேர்ந்தெடுத்தது, தாங்கள் இதை நம்புகிறவர் என்பதால். நம்புகிறவர் மட்டுமா, இதை வைத்து வசூல் செய்கிறவர்! மாநில மின்வாரியங்களுக்கு நாம் டிரான்ஸ்ஃபார்மர் கொடுக்கும் ஒப்பந்தங்களில் விலை மாற்ற விதி என்று ஒரு பக்கம் உண்டு. டெண்டர் போட்ட நாளுக்கும் சரக்கு போகும் நாளுக்கும் இடையே செம்பு, உருக்கு, எண்ணெய் விலை ஏறினால், வாரியம் அந்த ஏற்றத்தைத் தனியாகத் தர வேண்டும். மின்சாதன உற்பத்தியாளர் சங்கம் வகுத்த சூத்திரம் அது. தொழில் முழுவதும் புழங்குவது. அதில் கம்பிக்கு ஓர் எழுத்து, தகட்டுக்கு ஓர் எழுத்து. கடைசியில் W என்று ஓர் எழுத்து.

W என்பது கூலி.

அந்த W எதைக் கொண்டு அளக்கப்படுகிறது? லேபர் பீரோ வெளியிடும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு. அதாவது, "விலைவாசி ஏறிவிட்டது, ஆகவே எங்கள் ஆட்களுக்கு நாங்கள் கூலியைக் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, ஆகவே வாரியமே, அந்தப் பணத்தைக் கொடு" என்பதுதான் அந்த எழுத்துக்குப் பொருள். இந்தக் கோரல் பில்லைத் தயாரிப்பது யார்? கணக்குப் பிரிவு, ஜன்னலோர மேசை.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம். டிரான்ஸ்ஃபார்மர் விலை ஒரு லட்சம் ரூபாய். அந்த ஒப்பந்தப்படி நூற்றுக்கு 12 பங்கு கூலி. அதாவது 12,000 ரூபாய். அடிப்படை மாதம் 2021 ஏப்ரல், கணக்கு முடித்த மாதம் 2022 ஏப்ரல். நான் தட்டிய வரி இதுதான்:

```
12000 x W/Wo = 12000 x 127.7/120.1 = 12759
```

டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுக்குக் கூலி உயர்வு மட்டும் 759 ரூபாய். அந்த ஆர்டரில் 400 டிரான்ஸ்ஃபார்மர். மூன்று லட்சத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய். தாங்கள் கையெழுத்திட்டீர்கள், வாரியம் பாஸ் செய்தது, பணம் வந்தது. வரவு வைத்ததும் நான்தான். அதே 2022 ஏப்ரலில், அதே 127.7க்கும் 120.1க்கும் நடுவே, தாங்கள் எங்களுக்குக் கொடுத்த உயர்வு பூஜ்யம்.

இதற்குப் பெயர் என்ன ஐயா? கோயில் உண்டியலில் சாமி பெயரைச் சொல்லி வசூலித்துச் சாமிக்கு விளக்குகூட ஏற்றாமல் போனால் ஊரில் பஞ்சாயத்து கூட்டுவார்கள். இங்கே ஜி.எஸ்.டி. போட்டு ரசீது கொடுக்கிறோம்! அந்த ஓர் ஆர்டரில் வந்த கூலி உயர்வுப் பணம், என் அளவு சம்பளம் வாங்கும் 13 பேரின் ஓராண்டுக் குறையை அடைத்துவிட்டு மேலே ஏழாயிரத்துச் சொச்சம் மிஞ்சியிருக்கும். வாரியத்திடம் பேசும்போது விலைவாசி ஏறுகிறது. எங்களிடம் பேசும்போது இறங்குகிறது. ஒரே குறியீட்டெண், ஒரே அலுவலகம், ஒரே கையெழுத்து.

"அந்தக் கூலி ஷாப் ஃப்ளோர் ஆட்களுக்கானது, கணக்குப் பிரிவுக்கானதல்ல" என்று சொல்லத் தங்கள் வாய் திறப்பது தெரிகிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். காயில் சுற்றுகிறவர்களுக்குக் கொடுத்தீர்களா? அவர்கள் கான்ட்ராக்டர் ஆட்கள். அந்த ஆண்டு கான்ட்ராக்டருக்கான விலைப்புள்ளியைப் பழைய ரேட்டிலேயே புதுப்பித்த உத்தரவும் என் கோப்பில்தான் இருக்கிறது. கொஞ்சமாவது ஏறியது வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு. அதுவும் தங்கள் தயவல்ல. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் பஞ்சப்படி, சென்னை நகரக் குறியீட்டெண்ணைப் பார்த்து ஏப்ரல்தோறும் மாற வேண்டும் என்பது அரசாணை. அதற்கு மேல் சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கு அப்படியொரு விதியும் இல்லை, சங்கமும் இல்லை. ஆக, சட்டம் கட்டாயப்படுத்தியவருக்கு ஏறியது. செம்புக்கும் தகட்டுக்கும் எண்ணெய்க்கும் ஒப்பந்தம் கட்டாயப்படுத்தியதால் ஏறியது. கட்டாயப்படுத்த எதுவுமில்லாத ஒரே மூலப்பொருள் நாங்கள்.

"மார்க்கெட் ரேட்" என்று எச்.ஆர். ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் தருகிறதாம். அதில் உண்மை இருக்கிறது, அதுதான் கொடுமை. 2025 ஜனவரியில் வந்த மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே 2023-24இல் பெருநிறுவன லாபம் 15 ஆண்டு உச்சத்தைத் தொட்டதையும், சம்பளம் அதற்கேற்ப ஏறாமல் பின்தங்கியதையும் எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் செங்கொடி பிடிப்பவர்கள் அல்ல. நிதியமைச்சகத்துப் பொருளாதார ஆலோசகர்கள். பத்துக் கம்பெனிகள் சேர்ந்து சம்பளத்தை விலைவாசிக்குப் பின்னால் நிறுத்தினால் அதன் பெயர் மார்க்கெட். பத்து ஊழியர்கள் சேர்ந்து கேட்டால் அதன் பெயர் ஒழுங்கீனம்.

இந்த நான்காண்டுகளில் தாங்கள் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கழிவறைக் கண்ணாடியில் "நீயே உன் வளர்ச்சியின் சிற்பி" என்று ஒட்டினீர்கள். மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி என்று சனிக்கிழமை அரை நாள் வகுப்பு நடத்தினீர்கள். அந்த அரை நாளை ஞாயிற்றுக்கிழமை ஈடுகட்டச் சொன்னீர்கள். தீபாவளிக்கு அரை கிலோ வந்துகொண்டிருந்த இனிப்புப் பெட்டி 2023இல் கால் கிலோ ஆனது. விலைவாசி ஏறியிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள் என்பதற்கு எங்களிடம் உள்ள ஒரே எழுத்துப்பூர்வ ஆதாரம் அந்தப் பெட்டியின் எடைச்சீட்டுத்தான்.

ஆகவே என் கோரிக்கைகள்.

என் மாதச் சம்பளத்தை 2025 ஏப்ரல் முதல் 35,845 ரூபாயாகத் திருத்த வேண்டும். இதைத் தயவுசெய்து உயர்வு என்று கோப்பில் எழுத வேண்டாம். இது 2021 ஏப்ரலில் தாங்களே ஒப்புக்கொண்ட சம்பளம். ஒரு பைசாகூட அதிகமில்லை. இந்த நான்கு ஆண்டில் நான் கற்றுக்கொண்ட ஜி.எஸ்.டி. தாக்கல், இரண்டு பேர் விலகியபின் தனியாகத் தூக்கிச் சுமக்கும் அவர்களுடைய வேலை ஆகியவற்றுக்கு என்ன தருவது என்பதைத் தனியாகப் பேசலாம். உயர்வு என்ற சொல்லை அந்தப் பேச்சுக்காகப் பத்திரமாக வைத்திருப்போம்.

அடுத்து, பாக்கி. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் குறியீட்டெண்ணையே அந்த ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொண்டு, நடுவில் ஏறியதையெல்லாம் தள்ளுபடி செய்து, 2021-22ஐ முழுவதுமாக மறந்துவிட்டுக் கணக்குப் போட்டாலும், 2022 ஏப்ரல் முதல் 2025 ஜூலை வரை எனக்குக் குறைந்தது 97,472 ரூபாய். வட்டி சேர்க்கவில்லை. நம் கஸ்டமர் பில் தொகையை ஒரு நாள் தாமதித்தாலும் 18 சதவீத வட்டி கேட்டுக் கடிதம் போகிறது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்வதும் நான்தான். இருந்தாலும் நாம் ஒரு குடும்பம் அல்லவா, விட்டுக்கொடுக்கிறேன்.

மூன்றாவதாக, என் பணி நியமன ஆணையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். புதிதாக வக்கீல் வைத்து எழுத வேண்டியதில்லை. மின்வாரிய ஒப்பந்தத்தில் உள்ள W/Wo வரியை அப்படியே எடுத்து ஒட்டினால் போதும்.

தர முடியாது என்றால் அதையும் எழுத்தில் தர வேண்டுகிறேன். காரணமாக, "கூலிச் செலவு உயரவில்லை" என்று எழுதினால் மிக வசதியாக இருக்கும். செப்டம்பர் காலாண்டுக்கான விலை மாற்றக் கோரல் என் மேசையில் தயாராக இருக்கிறது. W கட்டத்தில் 145.0 என்று ஜூன் மாதக் குறியீட்டெண்ணைப் போட்டிருக்கிறேன். தங்கள் பதில் வந்தால் அதையும் பின்னிணைப்பாக வைத்தே வாரியத்துக்கு அனுப்புவோம்.

இப்படிக்கு,
தங்கள் மகத்தான பங்களிப்பாளர்.

இணைப்பு: நான் தயாரித்து, தாங்கள் கையெழுத்திட்ட 2022ஆம் ஆண்டுக் கோரல் பில் – 1 நகல். கூலி வரியில் மஞ்சள் மை பூசியிருக்கிறேன். மை என் சொந்தச் செலவு.